கதவுக்கடியில் வரும் தாள்: நைல் கப்பலின் ஒருநாள் நிகழ்ச்சி நிரல்

லக்சரிலிருந்து அஸ்வான் வரை நைல் நதியில் போகும் சுற்றுலாக் கப்பல்களில் தினமும் சாயங்காலம் ஒரு தாள் வரும். கேபின் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார்கள், இல்லையென்றால் ரிசப்ஷன் பலகையில் ஒட்டுவார்கள். நாளைக்கு எத்தனை மணிக்கு எழுப்புவார்கள், எந்தக் கோயில், எப்போது சாப்பாடு, ராத்திரி என்ன கூத்து என்பதெல்லாம் அதில் இருக்கும். பார்த்தால் கல்யாணப் பத்திரிகையின் நிகழ்ச்சி நிரல் மாதிரி சாதாரணமாகத்தான் தெரியும்.

அந்தக் கப்பலில் இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். பல நைல் கப்பல்களில் ஒரே நிறுவனம் எல்லாக் கேபின்களையும் விற்பதில்லை. பத்து கேபின் ஒரு ஜெர்மன் ஏஜென்டிடம் போகும், பதினைந்து ஒரு ஸ்பானிய ஏஜென்டிடம், மீதி ஆங்கிலம் பேசுபவர்களுக்கு. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலக் குழுவில்தான் சேர்க்கப்படுவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தன் மொழி பேசும் கைடு உண்டு. சாப்பாட்டு அறையும் கப்பலிலிருந்து இறங்கும் பாலமும்தான் எல்லோருக்கும் பொது. எல்லோரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து ஒரே வாசல் வழியாக இறங்கி ஏற வேண்டும். அதைச் சாத்தியமாக்குவது அந்த ஒற்றைத் தாள்.

ஜனவரி மாதத்தில் நான் போன கப்பலில் நான்கு ராத்திரிக்கும் வந்த தாள்களைச் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றில் எட்ஃபு, கோம் ஓம்போ என்று இரண்டு கோயில்கள் வரும் நாளின் தாளை மட்டும் இங்கே பிரித்துப் பார்க்கிறேன். எங்கே தவறு நடக்கும், எப்படி எழுதினால் நடக்காது என்று காட்ட அந்த ஒரு நாள் போதும்.

வந்த தாள்

தாளில் ஆங்கிலத்தில் இருந்ததைச் சுருக்கமாகத் தமிழில் தருகிறேன்:

- 05:30 எழுப்புதல்
- 06:30 எட்ஃபு கோயில்
- 09:00 காலைச் சிற்றுண்டி
- 13:00 மதிய உணவு
- 16:00 கோம் ஓம்போ கோயில்
- 18:00 கப்பல் புறப்பாடு
- 19:30 இரவு உணவு
- 21:30 கலாபியா விருந்து. உடை: ஸ்மார்ட் கேஷுவல்

படிக்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் "06:30 எட்ஃபு கோயில்" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறரைக்கு என்ன நடக்கும்? ரிசப்ஷனில் கூட வேண்டுமா, குதிரை வண்டி கிளம்புமா, கோயில் வாசலில் நிற்க வேண்டுமா? மூன்று அர்த்தத்துக்கும் இடமிருக்கிறது. இதில் முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையே அரை மணி நேர வித்தியாசம்.

அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். எட்ஃபுவில் கப்பல் நிற்கும் படித்துறையிலிருந்து ஹோரஸ் கோயில் நடந்து போகும் தூரத்தில் இல்லை. ஊருக்குள்ளே குதிரை வண்டியில் போவதுதான் வழக்கம், பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும். ஒரு வண்டியில் நான்கு பேர் என்று வைத்தாலும் அறுபது பயணிகளுக்குப் பதினைந்து வண்டி வேண்டும். அந்தப் பதினைந்தும் ஒரே நேரத்தில் கிளம்பாது. முதல் வண்டி கோயிலை எட்டும்போது கடைசி வண்டி இன்னும் படித்துறையில் பேரம் முடிந்து ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும்.

ஆகவே எழுதுகிறவர் பின்னாலிருந்து முன்னாலே கணக்குப் போட வேண்டும். கப்பல் 09:30க்கு எட்ஃபுவை விட்டுக் கிளம்ப வேண்டும் என்றால் எல்லோரும் 09:00க்குள் கப்பலில் இருக்க வேண்டும். திரும்பும் வண்டிப் பயணத்துக்கு இருபது நிமிஷம். கோயிலுக்கு ஒன்றரை மணி நேரம், அதற்குக் குறைந்தால் அவ்வளவு தூரம் போனதில் பயனில்லை. போகும் பயணத்துக்கும் வரிசைக்கும் அரை மணி. கூட்டிப் பார்த்தால் 06:40க்கு முதல் வண்டி நகர வேண்டும், அதற்குப் பயணிகள் 06:25க்காவது ரிசப்ஷனில் இருக்க வேண்டும். கொஞ்சம் தாராளமாக 06:15. தாளில் போட வேண்டிய நேரம் அதுதான். பயணியைப் பொறுத்தவரை கோயில் ஆறரைக்கா ஏழுக்கா என்பது தேவையில்லாத தகவல். அவர் கால் எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் தேவை.

இரண்டே நேரங்கள்

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட விதி எளிமையானது. கரைக்கு இறங்கும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தாளில் இரண்டு நேரம் மட்டும் இருக்கட்டும். ஒன்று கூடும் நேரம், இன்னொன்று கப்பலில் திரும்ப ஏறிவிட வேண்டிய கடைசி நேரம். மற்றதெல்லாம் கைடுக்கும் கேப்டனுக்கும் தெரிந்தால் போதும்.

குறிப்பாகக் கப்பல் புறப்படும் நேரத்தைப் பயணிக்கான தாளில் போடவே கூடாது. "18:00 கப்பல் புறப்பாடு" என்று எழுதினால் நாம் எல்லோரும் என்ன செய்வோம்? நம்மூர் ரயிலைப் பிடிக்கிற கணக்கில் 17:55க்கு வந்து நிற்போம். கப்பல் அப்படிக் கிளம்பாது. ஏறியவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும், பாலத்தை எடுக்க வேண்டும், கயிறுகளை அவிழ்க்க வேண்டும். அதோடு நைலில் இன்னொரு விஷயமும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். 18:00க்குக் கிளம்ப வேண்டுமென்றால் தாளில் "17:40க்குள் கப்பலில் இருங்கள்" என்று மட்டும் இருக்க வேண்டும்.

எங்கள் தாளில் இது இல்லாததால் நடந்ததைச் சொல்கிறேன். கோம் ஓம்போவுக்கு 16:00 என்று இருந்ததா, ஸ்பானியக் குழுவின் கைடு தன் ஆட்களிடம் வாய்மொழியாக 15:45க்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். குழுவில் வயதான ஒரு தம்பதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேபினுக்குப் போய்விட்டதால் அவர்களுக்கு அது காதில் விழவில்லை. தாளை நம்பிச் சரியாக நான்கு மணிக்கு இறங்கி வந்தார்கள். ரிசப்ஷனில் ஒருத்தரும் இல்லை. எதிரே ஜெர்மன் குழு மட்டும் கிளம்பிக்கொண்டிருந்தது. அவர்களோடு போய் ஒன்றரை மணி நேரம் ஒரு வார்த்தையும் புரியாமல் நின்றுவிட்டு வந்தார்கள். அந்த அம்மா சாப்பாட்டு மேஜையில் என்னிடம் தாளை எடுத்துக் காட்டி, நான்கு என்ற எண்ணின் மேல் விரலை வைத்து இரண்டு தடவை தட்டினார். அவர் பேசிய ஸ்பானிஷ் எனக்குத் தெரியாது. அந்த விரல் சொன்னது புரிந்தது.

எண்ணை எழுதுங்கள், சொல்லாதீர்கள்

நேரத்தை வாயால் சொல்வதில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. தமிழில் ஏழரை என்றால் ஏழு மணி முப்பது நிமிஷம். பிரிட்டிஷ்காரர்கள் "ஹாஃப் செவன்" என்று சொல்வதும் அதேதான். ஆனால் ஒரு ஜெர்மானியர் "ஹால்ப் சீபன்" என்றால் ஏழை நோக்கிப் பாதி வழி வந்தாயிற்று என்று அர்த்தம். அதாவது ஆறரை. வார்த்தைக்கு வார்த்தை ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சொற்களுக்கு நடுவே முழுசாக ஒரு மணி நேரம். ரிசப்ஷனில் நிற்பவருக்கு அரபிதான் தாய்மொழி, மற்ற இரண்டும் அவர் கற்றுக்கொண்டவை. அவர் எதைச் சொன்னார், கேட்டவர் எதை எடுத்துக்கொண்டார் என்பது அதிர்ஷ்டம்தான்.

ஆகவே 24 மணிக் கணக்கில் நான்கு இலக்கமாக எழுதிக் காட்டுவதுதான் பாதுகாப்பு: 06:30, 18:30. காலை, மாலை என்ற சொற்களை எந்த மொழியிலும் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே வராது. அதிகாலைப் பயணம் என்றால் கிழமையையும் சேர்த்துப் போட வேண்டும். அஸ்வானிலிருந்து அபு சிம்பலுக்குச் சாலை வழியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் விடியுமுன் கிளம்புவார்கள். "இன்று இரவு 04:00" என்று எழுதினால் ஒரு நாள் தள்ளிப் புரிந்துகொள்ள யாராவது ஒருவர் இருப்பார். "வியாழன் 04:00" என்று எழுதினால் சந்தேகமில்லை.

எண்களிலும் ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். எகிப்தில் உள்ளூர்க்காரர்கள் எழுதும் எண்கள் வேறு வடிவம். அவர்களுடைய ஐந்து நம் சுழியம் மாதிரி வட்டமாக இருக்கும், ஆறு நம் 7 மாதிரி இருக்கும். எட்ஃபுவில் "நீங்கள் வந்த அதே வண்டியில்தான் திரும்ப வேண்டும், எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்" என்று கைடு சொல்வார். வண்டியில் எண் அரபி வடிவத்தில் மட்டும் இருந்தால், ஐம்பத்தாறாம் வண்டியை 07 என்று மனதில் வைத்துக்கொண்டு தேட வேண்டியதுதான். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது இதைவிடச் சுலபம். "வண்டி எண்ணைப் படம் எடுக்கவும்" என்ற ஒரு வரி தாளில் இருந்தால், அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன கேமரா படம் இருந்தால், எந்த மொழிக்காரருக்கும் விளங்கும்.

கூடுமிடம் என்பது கப்பலுக்குள் ஒன்று, வெளியே ஒன்று

முன்னே சொல்லாமல் விட்ட நைலின் தனி விஷயம் இதுதான். கப்பல்கள் அதிகம், படித்துறை இடம் குறைவு. ஆகவே கப்பல்களைக் கரையோரம் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நான்கு, ஐந்து என்று ஒட்டி நிறுத்துவார்கள். உங்கள் கப்பல் வெளிப்பக்கம் நான்காவது என்றால், கரைக்குப் போக மற்ற மூன்று கப்பல்களின் ரிசப்ஷன் வழியாக நடந்து போக வேண்டும். எல்லா ரிசப்ஷனும் பளிங்குத் தரை, பித்தளைக் கைப்பிடி, சோபா என்று ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். திரும்பி வரும்போது எது நம்முடையது என்பது குழப்பும்.

போதாததற்கு நீங்கள் கோயிலில் இருக்கும்போது இந்த வரிசையே மாறிவிடலாம். உள்பக்கம் இருக்கும் கப்பல் கிளம்ப வேண்டுமென்றால் வெளிப்பக்கம் இருப்பவை விலகி வழிவிட்டுத் திரும்ப வந்து ஒட்ட வேண்டும். மூன்றாவதாக விட்டுப்போனது முதலாவதாக நிற்கும். சில சமயம் வேறு படித்துறைக்கே போயிருக்கும். "இறங்கின இடத்துக்கே வந்துடுங்க" என்று சொல்வது நம்மூர் பஸ் டூருக்குச் சரி, நைலுக்குச் சரிப்படாது.

எனவே தாளில் இரண்டு கூடுமிடம் வேண்டும். போகும்போது கப்பலுக்குள், திரும்பும்போது கரையில். கரையில் உள்ளது நகராத பொருளாக இருக்க வேண்டும். எட்ஃபுவில் கோயில் நுழைவுக் கட்டடத்தின் டிக்கெட் ஜன்னல், கோம் ஓம்போவில் முதலை அருங்காட்சியகத்தின் வாசல், இப்படி. சோபெக் என்ற முதலைத் தெய்வத்துக்கும் ஹோரஸின் ஒரு வடிவத்துக்கும் சேர்த்துக் கட்டிய இரட்டைக் கோயில் அது. பக்கத்திலேயே பதப்படுத்திய முதலைகளை வைத்திருக்கிறார்கள். எந்த மொழியிலும் "முதலை" என்று ஒரு படம் போட்டுக் காட்டிவிடலாம்.

கப்பலுக்குள் கூடுமிடத்துக்கு மாடி எண் போடுவதும் ஆபத்து. அமெரிக்கருக்கு முதல் மாடி என்பது தரைத்தளம், ஐரோப்பியருக்கும் நமக்கும் அதற்கு மேலே உள்ளது. கப்பலிலோ சாப்பாட்டு அறை பெரும்பாலும் ரிசப்ஷனுக்குக் கீழே இருக்கும், அதை என்னவென்று எண்ணுவது? ரிசப்ஷன், சாப்பாட்டு அறை, மேல்தளம் என்று பெயரால் சொன்னால் போதும். இடது, வலது என்று சொல்வதும் உதவாது. கிழக்குக் கரை, மேற்குக் கரை என்று சொல்லலாம். நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. லக்சரிலிருந்து அஸ்வானுக்குப் போகும்போது நாம் எதிர்நீரில் தெற்கே போகிறோம், எட்ஃபு மேற்குக் கரையில் வலது கையிலும் கோம் ஓம்போ கிழக்குக் கரையில் இடது கையிலும் வரும். திரும்பும் பயணத்தில் இது அப்படியே மாறிவிடும், கரையின் பெயர் மாறாது.

உடை: பெயரை விட்டுக் காரணத்தைச் சொல்லுங்கள்

"ஸ்மார்ட் கேஷுவல்" என்ற இரண்டு சொற்களைப் படித்துவிட்டு எங்கள் கப்பலில் ஒருவர் கோட்டு போட்டு வந்தார், ஒருவர் அரை டிரவுசரில் வந்தார். இருவரும் தாளை மீறவில்லை. அன்றைக்கு ராத்திரி கலாபியா விருந்து. கலாபியா என்பது எகிப்தியர் போடும் நீளமான அங்கி. பயணிகளும் அதைப் போட்டுக்கொண்டு ஆடுவார்கள். கப்பலிலேயே விற்பார்கள், எஸ்னா அணையில் படகில் வந்து மேல்தளத்துக்கு எறிந்து விலை பேசுபவர்களிடமும் கிடைக்கும். "கலாபியா போடலாம், கட்டாயமில்லை, சாதாரண உடையும் சரி" என்று எழுதியிருந்தால் எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். கட்டாயமா இல்லையா என்பதைத்தான் ஆட்கள் முதலில் தேடுகிறார்கள்.

பகல் உடைக் குறிப்பு தாளில் இல்லவே இல்லை. ஆனால் தேவைப்பட்டது அங்கேதான். ஜனவரியில் மேல் எகிப்தில் விடியற்காலை நல்ல குளிர். மதியம் சட்டை ஒட்டும் வெயில் அடிக்கும் ஊர் என்பதால் யாருக்கும் இது தோன்றாது. திறந்த குதிரை வண்டியில் ஆறரைக்குப் போகும்போது காற்று காதை அறுக்கும். "காலையில் குளிரும், ஸ்வெட்டரும் காது மூட ஒரு துணியும்" என்ற வரி, காரணத்தோடு இருந்தால், மொழிபெயர்ப்பிலும் பிழைக்கும்.

நம்மவர்களுக்காக இன்னொன்று. கோயில் என்றதும் எங்கள் குழுவில் வந்த ஒரு பெரியவர், "செருப்பை எங்க விடணும்?" என்று கேட்டார். எட்ஃபுவும் கோம் ஓம்போவும் இப்போது வழிபாடு நடக்காத பழைய கோயில்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம், சொல்லப்போனால் கழற்றவே கூடாது, தரையெல்லாம் மணலும் உடைந்த கல்லும். ஆனால் மசூதிக்குப் போனால் கழற்ற வேண்டும், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். "ஷூ போட்டபடியே" என்று ஒரு படம் போட்டால் அந்தப் பெரியவர் கேட்க வேண்டியிருக்காது.

திருத்தி எழுதிய தாள்

இவ்வளவையும் வைத்துக்கொண்டு அதே நாளை நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

- 05:30 எழுப்புதல். காபி மேல்தளத்தில், 06:10 வரை
- 06:15 கூடுமிடம் ரிசப்ஷன், உங்கள் மொழிப் பலகையின் கீழ். ஸ்வெட்டர், மூடிய ஷூ. வண்டி எண்ணைப் படம் எடுக்கவும்
- 08:30 கூடுமிடம் எட்ஃபு கோயில் டிக்கெட் ஜன்னல்
- 09:00க்குள் கப்பலில். சிற்றுண்டி 10:00 வரை
- 13:00 மதிய உணவு
- 15:45 கூடுமிடம் ரிசப்ஷன். தொப்பி, தண்ணீர், சாயங்காலக் குளிருக்கு ஒரு மேல்துணி
- 17:20 கூடுமிடம் முதலை அருங்காட்சியக வாசல்
- 17:40க்குள் கப்பலில்
- 19:30 இரவு உணவு
- 21:30 லவுஞ்ச். கலாபியா போடலாம், கட்டாயமில்லை

இதற்கு நான்கு மொழியில் நான்கு தாள் அடிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். தனித்தனித் தாள் என்றால் கடைசி நேரத்தில் ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்பார்கள். ஸ்பானியத் தம்பதிக்கு நடந்தது அதன் வாய்மொழி வடிவம்தான். ஒரே தாள், ஒரே நேர வரிசை, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நான்கு மொழியிலும் இரண்டு மூன்று சொல். வாக்கியம் நீளமாக இல்லாததால் இடம் பிடிக்கும்.

இந்தத் தாளுக்கும் ஒரு எல்லை உண்டு. எட்ஃபுவிலிருந்து கோம் ஓம்போ ஏறத்தாழ 65 கிலோமீட்டர். எதிர்நீரில் நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும். 09:30க்குக் கிளம்பினால் 14:30 வாக்கில் போய்ச் சேரலாம். 15:45 வரை உள்ள அந்த இடைவெளி சோம்பலுக்கு விட்டதல்ல, படித்துறையில் இடம் கிடைக்கக் காத்திருப்பதற்கு. அதற்கும் மேலே தாமதமானால் தாள் பொய்யாகிவிடும். முந்தின நாள் எஸ்னா லாக்கில் வரிசை நீண்டுவிட்டால் எட்ஃபு வந்து சேருவதே தள்ளிப்போய், மறுநாள் முழுக்க இழுபடும்.

அப்படி மாறும்போது ஒலிபெருக்கியில் நான்கு மொழியில் அறிவிப்பார்கள். தன் மொழி வருவதற்குள் பாதிப் பேர் காது கொடுப்பதை விட்டுவிடுவார்கள். அதைவிடச் சாப்பாட்டு அறை வாசலில் ஒரு பலகை வைத்து, பழைய நேரத்தை அடித்துப் புதியதைப் பெரிதாக எழுதுவது மேல். எல்லோரும் கட்டாயம் கடந்துபோகும் ஒரே இடம் அதுதான். புதுத் தாள் அடித்தால் மேலே "வெளியிட்டது 13:10, முந்தையது செல்லாது" என்று ஒரு வரி வேண்டும். இல்லையென்றால் சட்டைப் பையில் இருக்கும் பழைய தாள்தான் ஜெயிக்கும்.

பயணியாகப் போகிறவர்கள், தாள் எப்படி வந்தாலும், மூன்றைச் செய்துகொள்ளலாம். கரைக்கு இறங்குமுன் ரிசப்ஷன் மேஜையில் கப்பலின் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள அட்டையைக் கேட்டு வாங்குங்கள், அரபியிலும் எழுதியிருந்தால் வண்டிக்காரரிடம் நீட்டலாம். போன் கடிகாரம் ரிசப்ஷன் கடிகாரத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். குளிர்காலத்தில் எகிப்து நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், கோடையில் அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளிவைக்கும்போது இரண்டரை மணி நேரம். கடைசியாக, கைடு வாயால் எந்த நேரத்தைச் சொன்னாலும் தாளை நீட்டி, "இதில் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அவர் பேனாவை எடுக்கும்போதே, அச்சில் உள்ள நேரமும் தான் சொன்ன நேரமும் வேறு என்பது பாதி சமயம் அவருக்கே தெரிந்துவிடும்.